மகாதமனிக் கசிவும் கையில் படும் நாடியும்

1832-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் எடின்பரோவிலிருந்து வெளிவந்த ஒரு வைத்தியப் பத்திரிகையில், டப்ளின் நகரத்து ஜெர்விஸ் தெரு ஆஸ்பத்திரியில் ஆறு படுக்கைகளுக்கு மட்டும் பொறுப்பாயிருந்த டொமினிக் காரிகன் என்ற இருபத்தொன்பது வயது வைத்தியர், மகாதமனியின் வாயில் சரியாக மூடிக்கொள்ளாத வியாதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியோ, எக்ஸ்ரேயோ, ஹிருதயத்தின் அசைவைத் திரையில் காட்டும் எக்கோவோ இல்லாத அந்தக் காலத்தில், நோயாளியின் கழுத்திலும் கைகளிலும் நாடிகள் கண்ணுக்குத் தெரியும்படி துள்ளுவதைக் கவனித்து, இறந்தபின் உடலைத் திறந்து பார்த்துக் கண்ட வால்வின் பழுதோடு அந்தத் துள்ளலைப் பொருத்தி, காரணத்தையும் காரியத்தையும் இணைத்துக் காட்டியதே அவருடைய சாதனை. இவ்வியாதியை அவருக்கு முன் பார்த்தவர்கள் உண்டு. ஆனாலும் படுக்கையருகில் நின்று கண்ணாலும் விரலாலும் அதை அறியலாம் என்று தெளிவாக நிலைநாட்டியவர் என்ற பெருமை அவருக்கே போயிற்று.

ஹிருதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் மகாதமனியின் வாயிலில், பிறைச் சந்திரனைப் போன்ற மூன்று மெல்லிய இதழ்கள் கொண்ட வால்வு இருக்கிறது. கீழறை சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும்போது அவ்விதழ்கள் ஒதுங்கி வழிவிடும். அறை தளர்ந்து மீண்டும் நிரம்பத் தொடங்கும்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்து, போன ரத்தம் திரும்பி வராதபடி தடுக்கும். இதழ்கள் சுருங்கிப்போனாலும், அவற்றைத் தாங்கும் தமனியின் அடிப்பகுதி விரிந்துபோனாலும், நடுவே ஓர் இடைவெளி விழுந்து, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் ரத்தத்தின் ஒரு பங்கு கீழறைக்கே திரும்பிவிடுகிறது. இதுவே மகாதமனி வால்வுக் கசிவு. வைத்தியர் கையில் படும் அடையாளங்கள் யாவும், பெயர்கள் எத்தனையானாலும், இந்த ஒரே இடைவெளியிலிருந்து பிறப்பவை.

விஷயத்தைத் தெளிவாகப் பார்க்க ஓர் உதாரண புருஷரை நிறுத்திக்கொள்வோம். இவர் உண்மையான தனி மனிதர் அல்லர். நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகக் காணப்படும் நோயாளிகளின் சரித்திரங்களைத் திரட்டி உருவாக்கியவர். வயது முப்பத்து நான்கு. திருவேற்காட்டில் குடியிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலைக்குப் போய்வருகிறவர். பதினோராவது வயதில் தொண்டை வலி வந்து போன சில வாரங்களில் காய்ச்சலும், முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மாறி மாறி வீக்கமும் வந்து, ‘ருமாட்டிக் காய்ச்சல், மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வேண்டும்’ என்று வைத்தியர் சொல்ல, சில வருஷங்கள் போட்டுக்கொண்டு, உடம்பு நன்றாயிருக்கிறதே என்று நிறுத்திவிட்டவர். தொண்டையில் தொற்றிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியை எதிர்க்க எழுந்த சரீரத்தின் பாதுகாப்புச் சக்தி, வழி தவறித் தன் சொந்த ஹிருதய வால்வுகளையே தாக்கிவிடுவதுதான் இந்தக் காய்ச்சலின் கொடுமை. மூட்டு வீக்கம் சுவடில்லாமல் போய்விடும், வால்வில் விழுந்த தழும்போ பல வருஷங்கள் கழித்துப் பேசும்.

அவருக்கு இப்போது பெரிய தொந்தரவு ஒன்றுமில்லை. இரவில் இடது பக்கம் சாய்ந்து படுத்தால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்கிறது. சட்டை போடாமல் உட்கார்ந்தால் கழுத்து நரம்பு துடிக்கிறது என்று வீட்டுக்காரம்மா சொல்கிறார். மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியர், தாயாருக்கு அழுத்தம் பார்த்த கையோடு இவருக்கும் பார்க்க, கருவி 164 என்றும் 48 என்றும் காட்டுகிறது. ‘மேல் பி.பி. அதிகம்’ என்று வீட்டார் கவலைப்படுகிறார்கள். ஆனால் முப்பத்து நான்கு வயதில் மேலே 164 இருப்பதைக் காட்டிலும் கீழே 48 இருப்பதுதான் கவனத்துக்குரியது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண ரத்தக் கொதிப்பில் இந்த வயதினருக்குக் கீழ் அளவும் பெரும்பாலும் கூடவே ஏறும். அது இறங்கியிருந்தால், ரத்தம் எங்கேயோ வேகமாக வடிந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நாடி அழுத்தம் என்பார்கள். 120-க்கு 80 உள்ளவருக்கு அது 40. நம்முடைய லேத் தொழிலாளிக்கு 116. இவ்வளவு அகன்ற வித்தியாசம் எப்படி வந்தது? ஆரோக்கியமான ஹிருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் ரத்தத்தை வெளியே அனுப்புகிறது. கசிவு கடுமையானது என்று சொல்வதற்கு, ஒரு துடிப்புக்கு 60 மில்லி லிட்டராவது திரும்பி வர வேண்டும் என்பது இன்றைய அளவுகோல்களில் ஒன்று. சரீரத்துக்கு வேண்டிய 70-ஐக் குறைக்க முடியாது. ஆகவே கீழறை நாளடைவில் விரிந்து பருத்து, 130 மில்லி லிட்டரை ஒரே வீச்சில் தள்ளப் பழகிக்கொள்கிறது. மகாதமனிக்குள் அவ்வளவு ரத்தம் ஒரே சமயத்தில் பாய்வதால் மேல் அளவு ஏறுகிறது. அதில் ஏறக்குறையப் பாதி பின்வழியாக அறைக்குள் வடிந்துவிடுவதோடு, மற்றொரு பங்கு விரிந்து கிடக்கும் சிறு தமனிகள் வழியாக முன்புறமும் விரைவாக ஓடிவிடுவதால் கீழ் அளவு சரிகிறது. நிமிஷத்துக்கு 75 துடிப்பு என்று கணக்கிட்டால் திரும்பி வருவது நாலரை லிட்டர். சரீரத்திலுள்ள மொத்த ரத்தமே ஐந்து லிட்டர் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரின் ஹிருதயம் எவ்வளவு வீண் உழைப்பைச் சுமக்கிறது என்பது விளங்கும்.

இதில் காலத்தின் கணக்கும் ஒன்று உண்டு. ரத்தம் பின்வாங்குவது ஹிருதயம் ஓய்வெடுக்கும் இடைவேளையில் மட்டுமே. நிமிஷத்துக்கு 60 துடிப்பு என்றால் அந்த இடைவேளை ஒவ்வொரு துடிப்புக்கும் முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு. 100 துடிப்பு என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விநாடிதான். எனவே இந்நோயாளிகளில் பலர் நடக்கும்போது தேவலையாக உணர்ந்து, இரவில் ஹிருதயம் மெதுவாகும் நேரத்தில் அவதிப்படுகிறார்கள். ஹிருதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் செல்வது கீழ் அழுத்தத்தை நம்பியே ஆதலால், அது சரியும் அந்த வேளையில் சிலருக்கு நெஞ்சு வலியும் வருகிறது. 164 என்ற எண்ணை மட்டும் பார்த்து, அண்டை வீட்டார் சாப்பிடுகிறார்களே என்று, துடிப்பை மெதுவாக்கும் இனத்து பி.பி. மாத்திரையை இவரும் விழுங்கத் தொடங்கினால், கசிவுக்கு இன்னும் நீண்ட அவகாசம் கொடுத்தது போலாகும். மாத்திரையின் பேரில் குற்றமில்லை. காரணம் அறியாமல் எண்ணுக்கு வைத்தியம் செய்வதே பிசகு.

இனி வைத்தியர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். தேர்ந்தவர் முதலில் தொடுவதில்லை, பார்க்கிறார். நோயாளியை வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கழுத்தைக் கவனித்தால், தாடைக்குக் கீழே இருபுறமும் கரோட்டிட் தமனிகள் ஒவ்வொரு துடிப்புக்கும் விம்மி எழுந்து சட்டென்று மறைவது தெரியும். காரிகன் எழுதியது முக்கியமாக இதைத்தான். பிறகு மணிக்கட்டைப் பிடிக்கிறார். இரண்டு விரல் வைத்து நாடி எண்ணும் வழக்கமான முறை இதற்குப் போதாது. தோளில் வலி உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டு, நோயாளியின் முன்கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே தம் உள்ளங்கை முழுவதும் படும்படி சுற்றிப் பிடித்து, அந்தக் கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிவிடுகிறார். கசிவு கடுமையாயிருந்தால், தசைகளின் ஊடே உள்ளங்கையில் ‘டொக்’ என்று ஓர் அடி விழுந்து, விழுந்த மறுகணமே கீழே ஒன்றும் இல்லாதது போல் சரிந்துவிடும். சரியும் நாடி என்று இதைச் சொல்லுகிறோம். 1844-இல் தாமஸ் வாட்சன் என்ற ஆங்கில வைத்தியர் இதற்கு ஒரு விளையாட்டுச் சாமானை உவமை சொன்னார். காற்றை நீக்கிவிட்டுப் பாதியளவு தண்ணீரோடு மூடி ஒட்டிய கண்ணாடிக் குழாய் அது; தலைகீழாகத் திருப்பினால், இடையே காற்றின் மெத்தை இல்லாததால் தண்ணீர் மொத்தமாய் விழுந்து, கெட்டிப் பொருள்போல் அடிப்பாகத்தில் மோதும்.

கையை ஏன் தூக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பது குறைவு. விடையோ அழகான பெளதிகம். மணிக்கட்டு ஹிருதயத்தின் மட்டத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அங்குள்ள அழுத்தம் சுமார் முக்கால் மில்லிமீட்டர் பாதரசம் குறையும். 45 சென்டிமீட்டர் உயர்த்தினால் ஏறக்குறைய 35 குறைகிறது. ஆரோக்கியமானவரின் 120-க்கு 80 அப்போது மணிக்கட்டில் 85-க்கு 45 ஆகும். தமனி எப்போதும் ஓரளவு நிரம்பியே இருக்கும். நம்முடைய நோயாளிக்கோ 164-க்கு 48 என்பது 129-க்கு 13 ஆகிவிடுகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் தமனி ஏறத்தாழ வெறுமையாகி, அடுத்த அலை வந்து அந்த வெற்றிடத்தை ஒரேயடியாக நிரப்புவதைத்தான் உள்ளங்கை உணர்கிறது.

அழுத்தத்தையும் வைத்தியர் தாமே, ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து, மீண்டும் அளக்கிறார். பட்டையின் காற்றை இறக்க இறக்க, 164-இல் ஒலி தொடங்குகிறது. சாதாரணமாகக் கீழ் அளவில் மறைந்துவிட வேண்டிய அந்த ஒலி இவருக்கு மறைவதேயில்லை. பட்டையில் காற்றே இல்லாதபோதும், பூஜ்யம் வரையில் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. ஆனால் 48-இல் அது திடீரென்று மங்குகிறது. அந்த மங்கும் புள்ளியையே உண்மையான கீழ் அழுத்தத்துக்கு அண்மையானதாகக் கொண்டு, 164, 48, 0 என்று மூன்று எண்களாக எழுதுவது நல்ல வழக்கம்.

இதற்குமேல் பெயர் பெற்ற அடையாளங்கள் ஒரு பட்டாளமே இருக்கின்றன. துடிப்புக்கு ஏற்பத் தலை மெல்ல ஆடுவது, அவ்விதம் ஆடிய பிரெஞ்சுக் கவிஞர் ஆல்ஃபிரட் டி முஸ்ஸேயின் பெயரால் வழங்குகிறது. நகத்தின் நுனியை லேசாக அழுத்தினால் வெளுப்பும் சிவப்பும் மாறி மாறி வருவது குவின்கேயின் அடையாளம். 1868-இல் அவர் விவரித்தது. தொடையின் தமனிமேல் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தினால் முன்னும் பின்னுமாக இரட்டை முணுமுணுப்புக் கேட்பது டுரோசியேயின் கண்டுபிடிப்பு. பரீட்சைக்குப் போகும் நம் வைத்திய மாணவர்கள் இவற்றை மந்திரம் போல் மனப்பாடம் செய்கிறார்கள். சரித்திரத்தில் எனக்கும் பிரியம் உண்டு. ஆனாலும் இவற்றின் நிரூபண பலத்தை 2003-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றுக்குத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நகத்தின் துடிப்பு நல்ல ஆரோக்கியமுள்ளவரிடமும் தெரியும். காலின் அழுத்தம் கையினதைவிட மிக அதிகமாயிருப்பது என்ற ஹில்லின் அடையாளத்துக்கு ஓரளவு ஆதரவு இருந்தபோதிலும், தமனிக்குள்ளேயே ஊசி செலுத்தி அளந்தவர்கள், அந்த வித்தியாசம் உள்ளே இல்லை, பட்டை கட்டி அளக்கும் முறையிலேயே பிறக்கிறது என்று கண்டார்கள். ஆகவே எனது அபிப்பிராயத்தில், பத்துப் பெயர்களைத் தேடி நேரத்தைச் செலவிடுவதைவிட, இரண்டு எண்களைச் சரியாக அளந்து, ஒரு முணுமுணுப்பைச் சரியாகக் கேட்பதே மேலானது. அந்த முணுமுணுப்பு உள்ளவரிடம் கீழ் அழுத்தம் 50-ஓ அதற்குக் குறைவோ என்றால், அல்லது நாடி அழுத்தம் 80-ஐ எட்டினால், கசிவு சிறியதன்று என்று நம்ப நல்ல நியாயம் உண்டு.

முணுமுணுப்பைக் கேட்பதுதான் கடினம். மெல்லிய காற்று ஊதுவது போன்ற, உச்ச ஸ்தாயியிலுள்ள அந்த ஒலி, வால்வு மூடும் இரண்டாவது ஒலியை ஒட்டித் தொடங்கிப் படிப்படியாகத் தேய்ந்து போகிறது. கூட்டம் நிறைந்த புறநோயாளி வார்டில், படுத்திருக்கும் நோயாளியின் நெஞ்சில் அவசரமாக ஸ்டெதாஸ்கோப்பை வைப்பவருக்கு அது அகப்படாது. நோயாளியை எழுப்பி உட்காரவைத்து, முன்னே குனியச் செய்து, ‘மூச்சை முழுக்க விட்டுவிட்டு அப்படியே நிறுத்துங்கள்’ என்று சொல்லி, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில், மூன்றாவது விலா இடைவெளியில், ஸ்டெதாஸ்கோப்பின் தட்டையான முகத்தை அழுத்தி வைத்துக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஹிருதயத்தின் நுனித் துடிப்பு தன் இடத்தைவிட்டுக் கீழும் வெளியும் நகர்ந்திருந்தால் அறை விரிந்திருக்கிறது என்று அர்த்தம். நம் நோயாளிக்கு அது ஆறாவது இடைவெளிக்கு இறங்கியிருந்தது.

அகன்ற நாடி அழுத்தம் எல்லாம் கசிவல்ல என்பதையும் மறக்கலாகாது. முதியவர்களுக்குத் தமனிகள் விறைத்துப்போவதால் 170-க்கு 75 என்று வருவது சர்வசாதாரணம். கடுமையான ரத்தசோகை, தைராய்டு மிகுதி, காய்ச்சல், கர்ப்பகாலம் இவற்றிலும் நாடி துள்ளும். நம் பெண்களிடையே ரத்தசோகை மிகுந்திருப்பதால், கழுத்துத் துடிப்பைக் கண்டவுடன் கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்றும் பார்ப்பது அவசியம். இவற்றில் எதிலும் அந்தத் தேய்ந்து போகும் முணுமுணுப்பு இராது. முடிவாகச் சந்தேகம் தீர்ப்பது எக்கோ. நம் நோயாளிக்கு எடுத்த எக்கோவில், சுருங்கி முடிந்த நிலையிலேயே இடது கீழறையின் குறுக்களவு 52 மில்லிமீட்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அது 50-ஐத் தாண்டினாலும், கீழறையின் தள்ளும் திறன் குறைந்தாலும், மூச்சுத் திணறல் தொடங்கினாலும் வால்வை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இதற்குமேல் காத்திருந்தால் தளர்ந்த தசை, புது வால்வு வைத்தபின்னும் தேறாமல் போகலாம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வல்லியத்தானும் அவருடைய குழுவினரும் பல மாதிரிகள் தோற்றபின் உருவாக்கி, 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, இத்தகைய நோயாளிகளுக்கு நம் நாட்டிலேயே குறைந்த விலையில் வால்வு கிடைக்க வழி செய்தது. உலோக வால்வு பெற்றவர் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையும் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்ன அடையாளங்கள் அத்தனையும், கீழறைக்கு விரிந்து பழக வருஷக்கணக்கில் அவகாசம் கிடைத்த நோயாளிக்கே உரியவை. அவகாசமின்றிக் கசிவு ஏற்பட்டால் சித்திரமே மாறிவிடுகிறது. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். பழுதான வால்வில் கிருமி குடியேறி இதழை அரித்துக் கிழித்துவிட்டாலோ, மகாதமனியின் உட்சுவர் பிளந்துகொண்டாலோ, விரியாத சிறு அறைக்குள் திடீரென்று ரத்தம் வந்து மோதி, உள் அழுத்தம் மளமளவென்று உயர்ந்து மகாதமனியின் அழுத்தத்துக்குச் சமமாகிவிடும். அப்போது கீழ் அளவு சரிவதில்லை, மேல் அளவு ஏறுவதில்லை. நாடி துள்ளுவதற்குப் பதில் மெலிந்து விரைகிறது. முணுமுணுப்புக்கூடக் குறுகி மங்கிவிடுகிறது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் தவிக்கும் அந்த நோயாளியிடம் தலையாட்டத்தையும் நகத் துடிப்பையும் தேடி, காணோம் என்று நிம்மதி அடைகிறவர், சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவரை இழந்துவிடுவார்.

ஆகையால் வால்வில் கசிவு உண்டென்று தெரிந்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள், குறைந்தது பத்து வருஷமாவது, அல்லது நாற்பது வயது வரையிலாவது, இரண்டில் எது நீண்டதோ அதுவரை, பென்சிலின் ஊசியை வைத்தியர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். சில நாட்களுக்கு மேல் காய்ச்சல் விடாமலிருந்தால், மருந்துக் கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ‘எனக்கு வால்வில் கசிவு இருக்கிறது, மருந்து கொடுக்கும் முன் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுங்கள்’ என்று சொல்லுங்கள். முன்கூட்டியே விழுங்கிய இரண்டு மாத்திரைகள், எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடக்கூடும்.